ஐந்து நாளும் எதுவும் வளரவில்லை: ஒரு மியூரின் டைபஸ் நோயாளியும் அகார் தட்டின் எல்லையும்

நோயாளிக்கு வயது 51. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் நெடுங்காலமாக வேலை செய்பவர். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் கிடங்கில் அரிசி, பருப்பு மூட்டைகளை இறக்கி அடுக்குவது அவர் வேலை. நல்ல உடல்நிலை, சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லை. காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் பலதுறை மருந்தகத்துக்குப் போனார். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள், அது சரியும்கூட. டெங்கிச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. பாராசிட்டமால் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, குறையாவிட்டால் மீண்டும் வரச் சொன்னார்கள். ஏழாம் நாள் தலைவலி தாங்க முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தார்.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இங்கே தரும் விவரங்களை ஒரே ஒருவரிடமிருந்து எடுக்கவில்லை. இந்த நோயில் வழக்கமாகக் காணப்படும் போக்கைச் சேர்த்து ஒரு நோயாளியாக அமைத்திருக்கிறேன். மருத்துவ ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில், மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.)

சேர்ந்த அன்று உடல் வெப்பம் 39.4 டிகிரி செல்சியஸ். இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கழுத்தை வளைப்பதில் சிரமம் இல்லை. மார்புப் படம் தெளிவாக இருந்தது. இரத்தத்தில் தட்டணுக்கள் 92,000. வெள்ளணு எண்ணிக்கை இயல்பு. கல்லீரல் நொதிகள் இயல்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. சோடியம் 128க்கு இறங்கியிருந்தது. மலேரியாவுக்கான இரத்தப் பூச்சிலும் லெப்டோஸ்பைரா சோதனையிலும் எதுவும் இல்லை. இரு கைகளிலிருந்தும் இரத்தம் எடுத்து வளர்ப்புப் பாட்டில்களை எங்களுக்கு அனுப்பிவிட்டு, செஃப்ட்ரையாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை நாளுக்கு 2 கிராம் என்று தொடங்கினார்கள்.

ஊசி தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து தினமும் ஒரே செய்திதான் போனது: வளர்ச்சி இல்லை.

பாட்டிலுக்குள் நடப்பதும் நடக்காததும்

ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம். உள்ளே புரதச் சிதைவுகளும் குளுக்கோசும் உப்புகளும் கலந்த திரவ ஊட்டம். இயந்திரம் அதை உடல் வெப்பத்தில் வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் ஒரு பாக்டீரியா இருந்து, அது இந்த ஊட்டத்தை உண்டு பெருகினால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் உள்ள உணரி அதைக் கண்டுகொள்ளும், மணி அடிக்கும். உடனே ஒரு துளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, மீதியை இரத்த அகார், சாக்லேட் அகார் என்ற கூழ்போன்ற ஊட்டம் பரப்பிய தட்டுகளில் தேய்ப்போம். மறுநாள் காலையில் தட்டில் புள்ளிகள் தெரியும். ஐந்து நாள் மணி அடிக்காவிட்டால் பாட்டிலை வெளியே எடுத்து, வளர்ச்சி இல்லை என்று அறிக்கையை முடிப்போம்.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்த இயந்திரம் கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமி உண்டு பெருகி வெளியிடும் வாயுவைத்தான் பார்க்கிறது. இந்த ஊட்டத்தை உண்ணத் தெரியாத ஒரு கிருமி இரத்தத்தில் இருந்தாலும் இயந்திரம் ஐந்து நாளும் அமைதியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஊட்டத்தை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வி. ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியா சாதாரண இரத்த அகாரில் சரியாக வளராது. இரத்தத்தைச் சூடாக்கிச் சிவப்பணுக்களை உடைத்துச் சேர்த்தால், உள்ளிருந்த ஹீமினும் என்ஏடி என்ற துணைப்பொருளும் வெளிவந்து, அது நன்றாக வளரும். சாக்லேட் அகார் என்பது அதுதான். நிறத்துக்காக வந்த பெயர். குறைவது ஒன்றிரண்டு பொருள்தான் என்றால் இப்படிச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மியூரின் டைபஸின் கிருமியான ரிக்கெட்சியாவுக்கு அது ஏன் பலிக்கவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி. ஆனால் அதற்கு முன் நோயாளியிடம் திரும்ப வேண்டும், ஏனென்றால் நோயைக் கண்டுபிடித்தது ஆய்வகம் அல்ல.

உடலைப் பார்த்தவர்கள்

மருத்துவமனையில் சேர்ந்த நான்காம் நாள் தொற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவர் வந்தார். தமிழ்ப் பெண்மணி. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நோயாளியின் வயிற்றையும் மார்பையும் பார்த்தார். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் அரிசி அளவில் மங்கலான செந்நிறப் புள்ளிகள் தெரிந்தன. அரிப்பு இல்லை. விரலால் அழுத்தினால் மறைந்து மீண்டும் வந்தன. கறுத்த தோலில் இந்தத் தடிப்பு எளிதில் தப்பிவிடும், நம்மவர்களிடம் தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு அக்குள், இடுப்புவார் படும் இடம், தொடை இடுக்கு, காதின் பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும். அது எங்கும் இல்லை.

அடுத்து வேலையைப் பற்றிக் கேட்டார். கிடங்கில் எலி உண்டா? உண்டு, மூட்டைகளைக் கிழித்துவைக்கிறது. செத்த எலியை எடுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருக்கிறார். காலில் ஏதாவது கடித்ததா? கணுக்காலில் அவ்வப்போது அரிக்கும், சொறிந்துகொள்வார்.

படம் தெளிவானது. ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், கடுமையான தலைவலி, குறைந்த தட்டணு, குறைந்த சோடியம், உயர்ந்த கல்லீரல் நொதி, மங்கலான தடிப்பு, எலி உள்ள கிடங்கு, செஃப்ட்ரையாக்சோனுக்கு அசையாத காய்ச்சல். மியூரின் டைபஸ் என்று எழுதினார். கிருமியின் பெயர் ரிக்கெட்சியா டைஃபி. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதைச் சுமக்கிறது. பெரும்பாலும் கடியால் நேரடியாகப் பரவுவதில்லை. தெள்ளின் எச்சத்தில் கிருமி இருக்கும், சொறியும்போது அது கீறலில் தேய்ந்து உள்ளே போகும்.

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. தொடங்குமுன் ஒரு குழாய் இரத்தத்தை எடுத்து எங்களிடம் அனுப்பி, அதன் தெளிநீரைப் பாதுகாத்து வைக்கச் சொன்னார். அந்தக் குழாய்தான் பிற்பாடு இந்த நிகழ்வை உறுதி செய்தது.

பக்கத்தில் நின்ற மைத்துனருக்குத் திருப்தி இல்லை. "டாக்டர், இரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்கிறீர்கள். பிறகு எந்தக் கிருமிக்கு இந்த மாத்திரை?"

"கிருமி இல்லை என்று அறிக்கை சொல்லவில்லை, அண்ணே. அந்தப் பாட்டிலில் எதுவும் வளரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. இது உயிருள்ள செல்லுக்கு உள்ளே மட்டும் பெருகும் கிருமி. பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் பெருகாது."

செல்லுக்குள் கிடைப்பது என்ன

ரிக்கெட்சியா டைஃபி உடலில் தங்கும் இடம், சிறு இரத்தக் குழாய்களின் உள்சுவரை மூடியிருக்கும் செல்கள். அதன் தொடுகையை உணர்ந்த செல்லே அதை விழுங்கிக்கொள்ளும்படி அது தூண்டுகிறது. விழுங்கப்பட்ட கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடும்; சாதாரணமாக அந்தப் பை செரிமான நொதிகளோடு கலந்து கிருமி அழிந்துவிடும். ரிக்கெட்சியா அதற்கு இடம் கொடுப்பதில்லை. சவ்வின் கொழுப்பை அறுக்கும் நொதிகளைக் கொண்டு பையைக் கிழித்துக்கொண்டு சில நிமிடங்களில் செல்லின் உட்சாறுக்குள் வந்துவிடுகிறது. அங்கே அதைச் சுற்றி எந்த உறையும் இல்லை. செல் தன் வேலைக்காக வைத்திருக்கும் எல்லாப் பொருளும் அதன் மேல் நேராகப் படுகின்றன.

நோயாளியின் அறிகுறிகள் எல்லாம் இந்த இடத்திலிருந்து வருபவை. உள்சுவர் செல்கள் சேதமானால் குழாய் கசியும். தோலில் அது தடிப்பாகத் தெரிகிறது, தட்டணுக்கள் அங்கே செலவாகின்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். செல்லின் உட்சாறில் இருப்பதையெல்லாம் அளந்து ஓர் அகாரில் கலந்தால் என்ன?

முதல் தடை ஆற்றல். எல்லா உயிர்களும் அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்ற மூலக்கூறை உடைத்து ஆற்றல் பெறுகின்றன. ஒரு பாஸ்பேட் கழன்றதும் அது டைபாஸ்பேட் ஆகும். நம் குடலில் உள்ள ஈ.கோலை, குளுக்கோசைப் படிப்படியாக உடைத்து அந்த டைபாஸ்பேட்டை மீண்டும் ட்ரைபாஸ்பேட் ஆக்கிக்கொள்ளும். ரிக்கெட்சியாவிடம் குளுக்கோசை உடைக்கும் அந்த நொதிவரிசை இல்லவே இல்லை. ஆகவே பாட்டிலில் எவ்வளவு குளுக்கோஸ் இருந்தாலும் அதற்கு அது உணவல்ல. பதிலாக அதன் சவ்வில் ஒரு பரிமாற்றுப் புரதம் இருக்கிறது. உள்ளே செலவான ஒரு டைபாஸ்பேட்டை வெளியே தள்ளி, செல்லிடமிருந்து ஒரு ட்ரைபாஸ்பேட்டை உள்ளே இழுக்கும். இதை 1976இல் ஹெர்பர்ட் விங்க்லர் காட்டினார்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது, இது ஒன்றுக்கு ஒன்று என்ற பரிமாற்றம். வெளியே ட்ரைபாஸ்பேட் மிகுந்தும் டைபாஸ்பேட் குறைந்தும் இருக்கும்வரைதான் கிருமிக்கு லாபம். உயிருள்ள செல்லில் அந்த விகிதம் எப்போதும் அப்படியே இருக்கும், ஏனென்றால் கிருமி வெளியே தள்ளிய டைபாஸ்பேட்டைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா உடனுக்குடன் புதுப்பித்துவிடுகிறது. அகாரில் ட்ரைபாஸ்பேட்டைக் கலந்து பாருங்கள். கொஞ்ச நேரம் பரிமாற்றம் நடக்கும், பிறகு சுற்றிலும் டைபாஸ்பேட் குவியும், புதுப்பிக்க யாரும் இல்லை. தீர்ந்துபோன மின்கலங்களை மட்டும் வாங்கிக்கொண்டு மின்னேற்றி இல்லாமல் கடை நடத்துவதைப் போன்றது. எனவே கிருமிக்குத் தேவைப்படுவது ஒரு பொருள் மட்டும் அல்ல. அந்தப் பொருளை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஓர் உயிருள்ள இயக்கம். தட்டில் ஊற்ற முடியாதது அதுதான்.

ரிக்கெட்சியா முற்றிலும் கையேந்தி நிற்பதும் இல்லை. குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு தானே ஓரளவு ஆற்றல் உண்டாக்கும் நொதிகள் அதனிடம் இருக்கின்றன. அதனால்தான் சுக்ரோசும் பாஸ்பேட்டும் குளுட்டமேட்டும் கலந்த கரைசலில் அது சிறிது காலம் உயிரோடு இருக்கும். உயிரோடு இருக்கும், பெருகாது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் இரண்டாவது தடை நிற்கிறது.

ரிக்கெட்சியா டைஃபியின் மரபணுத் தொகுதி 2004இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. சுமார் 11 லட்சம் எழுத்துகள், 838 புரத மரபணுக்கள். ஈ.கோலையிடம் 4,000க்கு மேல் இருக்கின்றன. ரிக்கெட்சியாவின் முன்னோர்கள் செல்லுக்குள் வாழத் தொடங்கியபின், செல்லிடமிருந்தே கிடைக்கும் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி உதிர்ந்தன; பழுதானதால் எந்த இழப்பும் இல்லாததால் அவை திரும்பவில்லை. நியூக்ளியோடைடுகளை அடிப்படையிலிருந்து கட்டத் தெரியாது. அமினோ அமிலங்கள் பலவற்றைச் செய்யத் தெரியாது. 2017இல் பல ரிக்கெட்சியா மரபணுத் தொகுதிகளைக் கணினியில் ஒப்பிட்டவர்கள், செல்லிடமிருந்து அது வாங்கும் பொருள்கள் 51 என்று கணித்தார்கள். ஹீமோஃபிலஸ் கேட்டது இரண்டு.

பட்டியல் கையில் இருந்தாலும் வேலை முடிவதில்லை. இவற்றில் பல, மின்னூட்டம் உள்ள பாஸ்பேட் சேர்மங்கள். ஊட்டத் திரவத்தில் நிலைத்து நிற்பதில்லை, சிதைந்துவிடும். ஒவ்வொன்றின் அளவும் மற்றதைப் பொறுத்து இருக்க வேண்டும். செல்லின் உட்சாறில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. நம் ஊட்டங்கள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறானவை.

மூன்றாவது, நேரம். இது பெரிதாகப் பேசப்படுவதில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அகாரில் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளிக்குக் குறைந்தது பத்து லட்சம் பாக்டீரியா வேண்டும். ஒன்று இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சம். ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரிக்கெட்சியா தனக்கு மிகவும் உகந்த செல்லுக்குள்ளேயே ஏறக்குறைய பத்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இருபது இரட்டிப்புக்கு 200 மணி நேரம், அதாவது எட்டு நாளுக்கு மேல். நாளை ஒருவர் சரியான அகாரைக் கண்டுபிடித்துவிட்டாலும் ஐந்து நாளில் மூடும் எங்கள் இயந்திரம் அதைத் தவறவிடும்.

கிளமிடியாவின் வேறு வழி

பாடநூல்களில் ரிக்கெட்சியாவையும் கிளமிடியா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள்: இரண்டும் செல்லுக்குள் மட்டும் வளரும், அகாரில் வளராது. உண்மைதான். ஆனால் இரண்டும் தோற்கும் இடம் ஒன்றல்ல, அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

கிளமிடியா பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதில்லை. பைக்குள்ளேயே தங்கி, செரிமான நொதிகள் வந்து கலக்காதபடி அந்தப் பையின் சவ்வை மாற்றி, அதைத் தன் வீடாக்கிக்கொள்கிறது. அதற்கு இரண்டு உருவங்கள். வெளியே பயணம் செய்யும் உருவம் சுமார் 0.3 மைக்ரோமீட்டர், இறுகிய புரத ஓடு கொண்டது, பெருகாது. செல்லுக்குள் போனபின் ஓட்டின் பிணைப்புகள் தளர்ந்து சுமார் 1 மைக்ரோமீட்டர் அளவுக்கு விரிந்து, பெருகும் உருவமாகிறது. இரண்டு மூன்று நாளில் பை நிறைந்ததும் மீண்டும் இறுகிய உருவமாக மாறி வெளியேறும்.

அகாரில் நாம் தேய்ப்பது எப்போதும் அந்த இறுகிய உருவத்தைத்தான். பெருகும் உருவமாக மாறுவதற்கான சூழலே தட்டில் இல்லை. ரிக்கெட்சியா பட்டினியால் நிற்கிறது என்றால், கிளமிடியா அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகிறது.

2012இல் வெளியான ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டியது. செல் எதுவும் இல்லாத, உட்சாறை ஒத்த ஊட்டத்தில் கிளமிடியாவின் இரு உருவங்களையும் தனித்தனியே வைத்தார்கள். இறுகிய உருவம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு புரதம் தயாரித்தது. பெருகும் உருவத்துக்கு ட்ரைபாஸ்பேட் தேவைப்பட்டது. இரண்டும் உயிர்ப்போடு இருந்தன, இரண்டும் பெருகவில்லை. அதே ஆய்வாளர்கள் சிலர் 2009இல் கியூ காய்ச்சல் கிருமியான காக்ஸியெல்லாவைச் செல் இல்லாத ஊட்டத்தில் பெருக்கிக் காட்டியவர்கள். அதுவும் அதுவரை செல்லுக்குள் மட்டும் வாழும் கிருமிகளின் பட்டியலில் இருந்தது. அமிலத்தன்மை மிகுந்த ஊட்டமும், 2.5 விழுக்காடு மட்டுமே ஆக்சிஜனும் கொடுத்ததும் அது வளர்ந்தது. காக்ஸியெல்லாவின் மரபணுத் தொகுதி ரிக்கெட்சியாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. உதிர்ந்தது குறைவு, ஆகவே சேர்த்துக் கொடுக்க வேண்டியதும் குறைவு. ரிக்கெட்சியாவுக்கும் கிளமிடியாவுக்கும் அப்படி ஓர் அகார் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு எங்கள் மேசையில் அது இல்லை.

உயிருள்ள செல்லில் வளர்த்தால்

வளர்க்கவே முடியாது என்பதல்ல. 1938இல் ஹெரால்ட் காக்ஸ், கருவுற்ற கோழி முட்டையின் மஞ்சள் கருப் பையில் ரிக்கெட்சியாவை ஏராளமாக வளர்க்கலாம் என்று காட்டினார். 1950களில் சீனாவில் டாங் ஃபெய்ஃபான் அதே மஞ்சள் கருப் பையில்தான் கண்ணிமை நோயான டிரக்கோமாவின் கிளமிடியாவைப் பிரித்தெடுத்தார். இன்று முட்டைக்குப் பதில் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கும் செல்கள். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களின் மேல் மாதிரியை ஊற்றி, ஒரு மணி நேரம் மைய விலக்கியில் சுழற்றிக் கிருமியைச் செல்களோடு ஒட்டவைப்பார்கள். சாதாரணச் செல் வளர்ப்பில் மாசு தடுக்கச் சேர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளை இங்கே சேர்க்கக்கூடாது. சில நாள் கழித்து கிமனெஸ் முறையில் சாயமேற்றினால் பச்சை நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்களாக ரிக்கெட்சியா தெரியும். வழக்கமான கிராம் சாயத்தில் அது சரியாகப் பிடிபடாது.

கிளமிடியா வளர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. வளர்ப்புச் செல்களில் சைக்ளோஹெக்சமைடு சேர்ப்பார்கள். அது மனித, விலங்குச் செல்லின் புரதத் தயாரிப்பை நிறுத்தும், பாக்டீரியாவினுடையதை நிறுத்தாது. செல் உயிரோடு இருக்கும், ஆனால் தன் அமினோ அமிலங்களைத் தானே செலவழிக்காது. எல்லாம் கிருமிக்குப் போகும். செல்லும் கிருமியும் ஒரே பொருளுக்குப் போட்டியிடுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் நோயாளியின் இரத்தத்தை அப்படி வளர்த்திருக்கலாமே என்றால், வழக்கமான மருத்துவமனை ஆய்வகம் அதைச் செய்யாது, செய்யவும் கூடாது. பெருக்கப்பட்ட ரிக்கெட்சியா காற்றில் தெறித்தால் ஆய்வகத்தில் இருப்பவரையே தொற்றும். உயர் பாதுகாப்பு நிலையில் உள்ள அறை வேண்டும். இந்தக் கிருமிகளின் பெயர்களில் இன்றும் நிற்கும் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இலும், ஸ்டானிஸ்லாஸ் ப்ரோவாசெக் 1915இலும் டைபஸை ஆராயும்போது டைபஸாலேயே இறந்தார்கள். அத்தனை ஏற்பாட்டோடு வளர்த்தாலும் முடிவு வரும்போது நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார்.

உறுதி செய்த விதம்

டாக்ஸிசைக்ளின் தொடங்கி முப்பத்தாறு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. செஃப்ட்ரையாக்சோன் செல்லுக்கு வெளியே தங்கிவிடும் மருந்து; டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் எளிதாக நுழைந்து கிருமியின் புரதத் தயாரிப்பை நிறுத்தும். இருந்தாலும் காய்ச்சல் இறங்கியதை மட்டும் வைத்து நோயை உறுதி செய்யக்கூடாது. மியூரின் டைபஸ் மருந்தே இல்லாமல் இரண்டு வாரத்தில் பலருக்குத் தானாகவே தணியும், இவருக்கு அப்போது பதினொன்றாம் நாள் நடந்துகொண்டிருந்தது.

இரத்தத்தில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவும் எதிர்பார்த்ததே. கிருமி குழாய்ச் சுவரின் செல்களுக்குள் இருக்கிறது, ஓடும் இரத்தத்தில் மிகக் குறைவு. பிசிஆர் கண்டால் நம்பலாம். காணாவிட்டால் அதை வைத்து மருந்தை நிறுத்தக்கூடாது.

மிஞ்சியது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள். டாக்ஸிசைக்ளினுக்கு முன் எடுத்த தெளிநீரையும் மூன்று வாரம் கழித்து எடுத்த தெளிநீரையும் ஒரே நாளில், ஒரே கண்ணாடித் தகட்டில், அடுத்தடுத்து வைத்து ஒளிர்சாய முறையில் சோதித்தார்கள். தகட்டில் பூசப்பட்டிருப்பது செல்லில் வளர்த்த ரிக்கெட்சியா; தெளிநீரில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது கிருமியில் ஒட்டிக்கொண்டு, சாயம் ஒளிரும். முதல் தெளிநீர் 64இல் ஒன்றாகக் கரைத்தபோதே ஒளிரவில்லை. இரண்டாவது 1,024இல் ஒன்றாகக் கரைத்தும் ஒளிர்ந்தது. நான்கு மடங்கு உயர்வு போதும். இங்கே பதினாறு மடங்குக்கும் மேல். முதல் குழாயைப் பத்திரப்படுத்தாமல் இருந்திருந்தால் இரண்டாவது எண் தனியாக நிற்கும், பழைய தொற்றின் மிச்சம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

இதற்கும் எல்லை உண்டு. இந்தச் சோதனை டைபஸ் வகை என்று சொல்லும். எலித்தெள்ளு டைபஸா, பேன் பரப்பும் டைபஸா என்று பிரிக்காது. கிடங்கும் எலியும்தான் அதைப் பிரித்தன.

பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனையை இன்னும் சில இடங்களில் செய்கிறார்கள். 1916இல் வந்த முறை. டைபஸ் நோயாளியின் தெளிநீர், அகாரில் எளிதாக வளரும் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைத் தற்செயலாகத் திரளச் செய்கிறது. வளர்க்க முடியாத கிருமிக்குப் பதிலாக வளர்க்க முடிந்த ஒன்றை நிறுத்தியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். 1920களில் கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஃப்ளெட்சரும் லெஸ்லரும் இதை வைத்தே மலாயாவின் காய்ச்சலை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு வகைப் புரோட்டியஸைத் திரளச் செய்தது கடைவீதிகளில் வேலை செய்தவர்களின் தெளிநீர், மற்றதைத் திரளச் செய்தது தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் வேலை செய்தவர்களின் தெளிநீர். முன்னது இன்றைய மியூரின் டைபஸ், அன்றைக்குக் கடை டைபஸ் என்றே அழைத்தார்கள். பின்னது உண்ணிக் காய்ச்சல். நோயாளிகளைப் பலமுறை தவறவிடும் சோதனை என்பதால் ஒளிர்சாய முறை கிடைக்கும் இடத்தில் இதை நம்பியிருக்கத் தேவையில்லை.

கிடங்குக்குச் சென்ற பூச்சிக் கட்டுப்பாட்டினரிடம், எலிப்பொறியும் மருந்தும் வைக்குமுன் தெள்ளுக்கு மருந்தடிக்கும்படி சொல்லப்பட்டது. எலியை முதலில் கொன்றால் அதன் உடலிலிருக்கும் தெள்ளுகள் அடுத்த இளஞ்சூட்டு உடலைத் தேடும், கிடங்கில் அது மூட்டை தூக்குகிறவரின் கால். தெள்ளின் குடல்சுவர் செல்களுக்குள் பெருகும் ரிக்கெட்சியா அதைக் கொல்வதில்லை. தெள்ளு உயிரோடு இருக்கும்வரை எச்சத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும், உலர்ந்த எச்சத்திலும் நெடுநாள் தொற்றும் தன்மையோடு கிடக்கும். ஆகவே தரையை உலர்த்திப் பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு மூட்டைகளை நகர்த்தினார்கள், முதலில் சுவரோரம் இருந்த துவரம்பருப்பு வரிசை.